குறிப்பேட்டிலிருந்து குறும்பதிவு வரை

2012ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆம் திகதி காலை 9 மணிக்கு, ஜெனீவா நகரின் அயலிலுள்ள சேர்ண் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நிகழ இருந்தன. அவற்றைக் கேட்க விரும்பியோர் முதல்நாள் இரவே மண்டப வாயிலிற் காத்துக் கிடந்தனர். சிலர் அங்கேயே உறங்கினர். 1964ஆம் ஆண்டில் ஒரு புதிய துணிக்கை இருத்தல் வேண்டுமென எழுதிய பீட்டர் ஹிக்ஸ், எண்பத்து மூன்று வயது முதியவராய் அவையில் வந்து அமர்ந்திருந்தார். உலகின் மறு கோடியில், அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிற் கூடியிருந்த பௌதிக மாநாட்டினர் அதே நிகழ்ச்சியைத் திரையிற் பார்த்துக்கொண்டிருந்தனர். இவர்களுள் குறிப்பேடும் கையுமாக இருந்தவர் பலர். மண்டபத்திற் கேட்டதை உடனுக்குடன் சுருங்க எழுதி, இணையத்தின் வழியே வெளியுலகுக்கு அனுப்புவது அவர்கள் மேற்கொண்ட பணி.

பார்வைக்கு இது எளிய பணியே. சொற்பொழிவாளர் பேசுகிறார்; கேட்பவர் குறிக்கிறார்; குறித்ததை அனுப்புகிறார். ஆயினும் குறிப்பு வேறு, செய்தி வேறு. குறிப்பு என்பது எழுதியவர் தமக்கே எழுதிக்கொள்வது. பேசியவர் யார், திரையில் இருந்த படம் யாது, அதற்கு முன் சொல்லப்பட்டது யாது என்பனவெல்லாம் அவர் நினைவில் இருக்கின்றன. ஆகவே ஒரு சொல்லும் ஓர் எண்ணும் அவருக்குப் போதும். அந்த நினைவு இல்லாத ஒருவர் கையில் அதே சொல்லையும் எண்ணையும் கொடுத்தால், அவை ஒன்றும் உணர்த்தா. அன்றேல், அதனினும் தீங்காக, தவறான ஒன்றை உணர்த்திவிடும். அன்றைய சொற்பொழிவுகள் இதற்கு நல்ல சான்றாகும்.

அங்கே பேசப்பட்ட பொருளை முதலில் ஓரளவு விளங்கிக்கொள்ளல் வேண்டும். சேர்ணில், நிலத்தின் கீழ் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று உண்டு. அதனுள் புரோத்தன்கள் எதிரெதிராகப் பெருவேகத்துடன் செலுத்தப்பட்டு மோதவிடப்படுகின்றன. மோதலிற் பிறக்கும் துணிக்கைகளுட் பல, பிறந்த கணமே சிதைந்து வேறு துணிக்கைகளாய் மாறிவிடும். ஹிக்ஸ் துணிக்கையும் அத்தகையதே. அதனை நேரே காண இயலாது. அதன் சிதைவில் எஞ்சுவனவற்றை அளந்து, சிதைந்த பொருளின் திணிவைக் கணிக்கலாம். இரண்டு ஒளித்துணிக்கைகள் எஞ்சுவது ஒரு வழி. இசட் எனப்படும் துணிக்கைகள் இரண்டாய் மாறுவது மற்றொரு வழி. இவ்வாறு வேறு வழிகளும் உள. ஆனால் ஹிக்ஸ் இல்லாமலே இத்தகைய எச்சங்களைத் தரும் மோதல்கள் மிகப் பல. அவற்றைப் பின்னணி என்பர். திணிவுக்கு எதிரே நிகழ்ச்சிகளின் தொகையை வரைந்தால், பின்னணி ஒரு சரிவுக்கோடாய்ச் செல்லும். புதிய துணிக்கை உண்டாயின், அச்சரிவில் ஓரிடத்தில் ஒரு சிறு மேடு தோன்றும். அன்று மண்டபத்தார் கண்ணிமையாது பார்த்திருந்தது அந்த மேட்டையே.

சி. எம். எஸ்., அட்லஸ் என்னும் இரு கருவிகள் தனித்தனியே இத்தேடலை நடத்தின. ஒவ்வொன்றின் பின்னும் ஏறக்குறைய மூவாயிரம் விஞ்ஞானிகள் கொண்ட குழு இருந்தது. முதலாவது குழுவின் சார்பில் ஜோ இன்கண்டேலா முதலிற் பேசினார். அடுத்த குழுவின் சார்பில் பேபியோலா ஜியானொட்டி பேசினார். இன்கண்டேலாவின் பேச்சு முடிவை நெருங்கும் வேளையில், அவையிலிருந்த ஒருவரின் குறிப்பேட்டில் பின்வருமாறு எழுதப்பட்டிருந்தது எனக் கொள்ளலாம்:

“இரு ஒளி 4.1. இரு இசட் 3.2. சேர்த்து 5.0! கைதட்டல். ஐந்தும் 4.9. திணிவு 125.3, கூட்டல் கழித்தல் 0.6.”

குறிப்பு என்ற வகையில் இதிற் குறை ஏதுமில்லை. எண்கள் சரியானவை, வரிசையும் சரியானது. ஆனால் இதனை அப்படியே வெளியே அனுப்பினால், பெறுபவருக்கு எழும் ஐயங்கள் பல. நாலு புள்ளி ஒன்று என்பது எதனுடைய அளவு? ஐந்து என்றவுடன் கைதட்டியது ஏன்? ‘ஐந்தும்’ என்பது எந்த ஐந்து? ஐந்தையும் சேர்த்தபின் அளவு குறைந்தது ஏன்? 125 என்பது பெரிதா, சிறிதா?

இவ்வையங்களை ஆராய்ந்தால், குறிப்பில் வழக்கமாக விடுபடுவன நான்கு என்பது புலனாகும். சொன்னவர் யார் என்பது ஒன்று. எதைப் பற்றிச் சொன்னார் என்பது இரண்டு. எதனோடு ஒப்பிட்டால் அதன் அளவு விளங்கும் என்பது மூன்று. எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்பது நான்கு. மண்டபத்தில் இருப்பவருக்கு இந்நான்கும் காற்றைப் போலச் சூழ இருப்பவை. ஆதலின் அவற்றை எழுத வேண்டுமென்ற எண்ணமே எழுவதில்லை. குறிப்பைச் செய்தியாக்குவது என்பது இந்நான்கையும் மீண்டும் உள்ளே கொணர்வதேயன்றி வேறன்று.

சொன்னவர் யார் என்பதில், பெயரைக் காட்டிலும் பதவியும் இடமுமே வெளியாருக்குப் பயன்படும். ‘இன்கண்டேலா கூறுகிறார்’ என்றால் அத்துறையினர் அறிவர், பிறர் அறியார். ‘சேர்ணின் இரு ஆய்வுக்குழுக்களுள் ஒன்று அறிவித்தது’ என்றால் எவரும் அறிவர். ‘இன்று காலை’ என்று எழுதுவதும் இத்தகைய பிழையே. ஜெனீவாவிற் காலை 9 மணியாயிருந்தபோது மெல்பேணில் மாலை 5 மணி. குறும்பதிவை யார், எங்கே, எத்தனை நாள் கழித்துப் படிப்பார் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. ஊரும் திகதியும் எழுதப்பட்டிருந்தால் இக்கவலை இல்லை.

ஒப்பீடு என்பது எண்ணுக்குப் பொருள் தருவது. 125 கிகா இலத்திரன்வோற்று என்னும் அளவு பௌதிகம் கற்றவருக்குப் போதும். மற்றவருக்கு, அது புரோத்தனின் திணிவைப்போல் ஏறக்குறைய 133 மடங்கு என்று சொன்னால் போதும். புரோத்தன் என்பது ஐதரசன் அணுவின் கரு என்பது பாடசாலையிற் கற்றதே. தெரிந்த ஒன்றனோடு கட்டப்பட்ட எண் மனத்தில் நிற்கும். கட்டப்படாத எண் நில்லாது.

உறுதியின் அளவே இந்நான்கினுள்ளும் கடினமானது. அன்றைய தினம் மிகப் பலர் தடுமாறியதும் இங்கேதான். 4.1, 3.2, 5.0 என்ற எண்கள் யாவும் சிக்மா என்னும் அளவில் அமைந்தவை. புள்ளிவிவரவியலில் இதனை நியம விலகல் என்பர். ‘ஐந்து சிக்மா’ என்று குறிப்பிற் கண்ட ஒருவர், அதை விளக்க எண்ணி, ‘இது ஹிக்ஸ் துணிக்கையாக இருப்பதற்கு 99.9999 வீதம் வாய்ப்புண்டு’ என்று எழுதினால், எளிமையாகவும் உறுதியாகவும் தோன்றும். ஆனால் அது பிழை. ஐந்து சிக்மா சொல்வது அதுவன்று. புதிய துணிக்கை எதுவும் இல்லை என்று முதலிற் கொள்க. அப்போதும் பின்னணியின் தற்செயலான ஏற்றத்தாழ்வினால் இவ்வளவு பெரிய மேடு தோன்றக்கூடும் அன்றோ? அவ்வாறு தோன்றுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 35 இலட்சத்தில் ஒன்று. ஐந்து சிக்மாவின் பொருள் இவ்வளவே.

இவ்விரு கூற்றுக்களும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. மழை பெய்தால் முற்றம் நனையும் என்பதும், முற்றம் நனைந்திருந்தால் மழை பெய்தது என்பதும் ஒன்றல்லாமை போன்றது இது. முற்றத்தில் யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கவும் கூடும். ‘துணிக்கை இல்லையாயின் மேடு தோன்றுவது அரிது’ என்பதைத் தலைகீழாக்கி, ‘மேடு தோன்றியதால் துணிக்கை உண்டு என்பதற்கு இத்தனை வீதம்’ என்று எழுதுவது முறையாகாது. அத்துணிக்கை ஹிக்ஸ்தான் என்று மேலும் ஒரு படி ஏறுவது அதனினும் முறையாகாது. மேடு ஒரு புதிய பொருளைக் காட்டலாம். அப்பொருளின் பெயரைக் காட்டாது.

இப்பிழையைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழியுண்டு. எழுதிய வாக்கியத்தில் ‘இல்லாவிடினும்’ அல்லது ‘இல்லையாயின்’ என்னும் சொல் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். சிக்மாவை விளக்கும் வாக்கியத்தில் அச்சொல் இல்லையாயின், அவ்வாக்கியம் பெரும்பாலும் தலைகீழாகிவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து, 5.0 என்ற எண்ணும் 4.9 என்ற எண்ணும் அடுத்தடுத்து வந்ததைக் கவனித்தல் வேண்டும். இன்கண்டேலா முதலில் ஒளித்துணிக்கை வழியையும் இசட் வழியையும் தனித்தனியே காட்டி, பின்னர் இரண்டையும் சேர்த்து 5.0 என்ற முடிவைக் காட்டினார். மண்டபத்திற் கைதட்டல் எழுந்தது. அத்துறையில் ஐந்து சிக்மா என்பதே கண்டுபிடிப்பு என ஏற்கப்படும் எல்லை. ஆகையால் அவர்கள் மகிழ்ந்தது இயல்பே. ஆனால் பேச்சு முடியவில்லை. பின்னர் ஆராயப்பட்ட ஐந்து வழிகளையும் சேர்த்த முடிவு காட்டப்பட்டது. அது 4.9. சேர்க்கப்பட்ட ஏனைய மூன்று வழிகளுள் ஒன்றாகிய டவ் துணிக்கை வழியில் எதிர்பார்த்த மிகுதி காணப்படாமையால், மொத்தம் சற்றே தாழ்ந்தது.

கைதட்டல் எழுந்த கணத்திலேயே ‘ஐந்து சிக்மா, கண்டுபிடித்தாயிற்று’ என்று அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. எனினும் அக்குழுவின் முழு முடிவை அவர் சொல்லவுமில்லை. 4.9 என்பது எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே நிற்பது. தற்செயல் வாய்ப்பு ஏறக்குறைய 20 இலட்சத்தில் ஒன்று. உண்மையில் வேறுபாடு சிறிதே. ஆனால் ஐந்து என்பதை எல்லையாக வைத்துப் பேசும் பதிவில், எல்லைக்கு மேலா கீழா என்பதே கேள்வியாகிவிடும். அடுத்துப் பேசிய ஜியானொட்டி, தம் குழுவின் ஒளி வழியில் 4.5, இசட் வழியில் 3.4, இரண்டும் சேர்ந்து 5.0 என்று காட்டினார். தனித்து உழைத்த இரு குழுக்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே அளவில் மேட்டைக் கண்டன என்பதே அன்றைய செய்தியின் உயிர்நிலை. ஒரு குழுவின் ஒரு படத்தை மட்டும் அனுப்பி அமைந்தவருக்கு அவ்வுயிர்நிலை தப்பிவிட்டது.

இதனாற் பெறப்படும் முறை யாதெனில், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பதிவு என்று அனுப்பாது, பேச்சாளர் ஒரு பகுதியை முடித்து அடுத்ததற்குச் செல்லும் வரை காத்திருத்தலாகும். பேச்சாளர் ‘அடுத்து’ என்று சொல்லும்வரை, காட்டிய எண் இடைநிலை எண்ணே. அதற்குள் அனுப்பியே ஆகவேண்டுமெனில், ‘இரு வழிகளை மட்டும் சேர்த்த இடைமுடிவு’ என்ற சொற்களையும் சேர்த்தே அனுப்புதல் வேண்டும். எண்களைக் காதாற் கேட்டு எழுதாது, திரையைப் பார்த்து எழுதுவதும் நன்று. வேகமாகப் பேசும்போது ஒரு தசமப் புள்ளி காதுக்குத் தப்புவது எளிது.

குறிப்பெடுக்கும்போதே செய்துகொள்ளத்தக்க ஓர் ஒழுங்கும் உண்டு. பேச்சாளர் வாயாற் சொன்ன சொல்லை மேற்கோட் குறிக்குள் எழுதலாம். திரையிற் கண்டதற்கு முன்னே ‘ப’ என்று படத்தைக் குறிக்கும் எழுத்தை இடலாம். தம் மனத்தில் எழுந்த கருத்தை அடைப்புக் குறிக்குள் வைக்கலாம். இம்மூன்றும் வேறுபடுத்தப்படாத குறிப்பை ஒரு மணி நேரங் கழித்துப் பார்த்தால், எது பேச்சாளர் சொன்னது, எது தாம் ஊகித்தது என்று எழுதியவருக்கே தெரியாது. ‘ஹிக்ஸ்தான்’ என்று குறிப்பில் ஒரு சொல் கிடக்கிறது. அது பேச்சாளரின் முடிவா, அயலில் இருந்தவரின் ஆரவாரமா, எழுதியவரின் நம்பிக்கையா? குறி இருந்தால் விடை உடனே கிடைக்கும்.

அச்சொல்லே அன்று பெருஞ் சிக்கலாயிற்று. இரு சொற்பொழிவுகளும் முடிந்தபின், சேர்ணின் தலைமை இயக்குநராயிருந்த ரோல்ப் ஹொயர் எழுந்து, ஒரு சாதாரண மனிதன் என்ற நிலையில் சொல்வதாயின் அது கிடைத்துவிட்டது என்றே எண்ணுவதாகக் கூறினார். விஞ்ஞானி என்ற நிலையிற் சொல்லத்தக்கதையும் அவர் சொன்னார்: ஹிக்ஸ் துணிக்கையை ஒத்த ஒரு புதிய துணிக்கை காணப்பட்டுள்ளது, அது எத்தகையது என்பது இனி ஆராயப்படல் வேண்டும். இரண்டும் ஒரே மனிதர் சொன்னவை. ‘சாதாரண மனிதன் என்ற நிலையில்’ என்ற அடைமொழி நீங்கி, ‘கிடைத்துவிட்டது’ என்ற சொல் மட்டும் உலகைச் சுற்றினால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் இட்டதாகும். ஒரு நூற்றாண்டில் ஒரு முறை நிகழும் மகிழ்ச்சியிலும் அவர் இரு நிலைகளையும் பிரித்துக் காட்டினார். குறும்பதிவு எழுதுபவர் அப்பிரிவைக் காத்தல் கடமை.

காத்ததனால் இழப்பும் ஏதுமில்லை. மேலும் அளவுகள் சேர்ந்தபின், 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அது ஹிக்ஸ் வகைத் துணிக்கையே என்று சேர்ண் அறிவித்தது. அவ்வாண்டின் ஒக்டோபரில் ஹிக்சுக்கும், பெல்சியம் நாட்டுப் பிரான்சுவா எங்கிளேயருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ‘ஒத்த துணிக்கை’ என்று 2012இல் எழுதியவரின் பதிவு அன்றும் சரி, இன்றும் சரி, பிழையற்றதாக நிற்கின்றது.

எதிர்மாறான நிகழ்ச்சியும் அதே நிலையத்தில், ஒன்பது மாதங்களுக்குச் சற்று முன்னர், நேர்ந்திருந்தது. 2011ஆம் ஆண்டு செத்தெம்பர் 23ஆம் திகதி, ஒப்பேரா என்னும் ஆய்வுக்குழு அங்கே ஒரு சொற்பொழிவில் தன் அளவுகளை வெளியிட்டது. சேர்ணிலிருந்து புறப்பட்டு, 730 கிலோமீற்றருக்கு அப்பால் இத்தாலியில் உள்ள கிரான் சாசோ மலையடியிற் சேரும் நியூத்திரினோ துணிக்கைகள், ஒளி வரவேண்டிய நேரத்துக்கு ஏறக்குறைய 60 நனோசெக்கன் முன்னதாக வந்து சேர்ந்ததாகக் கணக்குக் காட்டியது. அதன் உறுதி ஆறு சிக்மா என்று சொல்லப்பட்டது; ஹிக்ஸ் தடயத்தினும் மிகுதி. ஆனால் அக்குழுவினர் ஐன்ஸ்டைன் தோற்றார் என்று சொல்லவில்லை. பல மாதம் தேடியும் தவறு எங்கேயென்று காணமுடியவில்லை, பிறரும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றே கேட்டனர். வெளியே பரவிய செய்திகளுட் பலவற்றில் அவ்வேண்டுகோள் இல்லை. ஒளியை விஞ்சிய வேகம் மட்டும் இருந்தது.

2012ஆம் ஆண்டு பெப்ரவரியில் தவறு வெளிப்பட்டது. நேரக் குறியைக் கொண்டுவரும் ஒளியிழை வடம் ஒன்று செவ்வையாகப் பொருத்தப்படாதிருந்தது முதன்மையான காரணம். அவ்வாண்டு யூனில், நியூத்திரினோக்கள் ஒளியின் வேகத்தை மீறவில்லை என்று திருத்திய அளவுகள் காட்டின. சிக்மா என்பது தற்செயலை மட்டுமே அளக்கும், சரியாக முடுக்கப்படாத ஓர் இணைப்பை அளக்காது என்பது இதனால் விளங்கும். சொற்பொழிவாளர் தம் முடிவோடு சேர்த்துச் சொல்லும் தயக்கம் ஒரு மரியாதைப் பேச்சன்று. முடிவின் ஒரு பகுதி அது. இடம் போதாமல் ஏதேனும் ஒன்றை நீக்க நேர்ந்தால், அலங்காரத்தை நீக்கலாம், பெயரை நீக்கலாம், தசமத்தை நீக்கலாம், தயக்கத்தை நீக்கலாகாது.

இடத்தின் குறுக்கமும் இங்குக் கவனிக்கத்தக்கது. அக்காலத்தில் டுவிட்டர் என வழங்கி, 2023 முதல் எக்ஸ் என்று பெயர் மாறிய தளத்தில், 2012ஆம் ஆண்டில் ஒரு பதிவு 140 குறிகளுக்கு மேற்படல் இயலாது. 2017ஆம் ஆண்டில் இவ்வெல்லை 280 ஆயிற்று. தமிழில் எழுதுவோர் இதனை எழுத்தெண்ணிக்கையாகக் கொண்டால் ஏமாறுவர். கணனி ‘கி’ என்னும் எழுத்தைக் ககரமும் இகரக் குறியுமாக இரண்டென எண்ணும். புள்ளி பெற்ற மெய்யும் இரண்டே. ‘ஹிக்ஸ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணனிக்கு ஆறு. ஆகவே தமிழ்ப் பதிவில் உள்ள இடம் தோற்றத்தினும் குறைவு. அதிலும் நான்கு தேவைகளையும் அடக்குதல் இயலுமா என்பதற்கு, முன்னர்க் காட்டிய குறிப்பையே எடுத்துச் செய்து பார்க்கலாம்.

“ஜெனீவா, யூலை 4: புதிய துணிக்கை ஒன்றின் தடயத்தைக் கண்டதாக சேர்ண் ஆய்வுக்குழு ஒன்று அறிவித்தது. அதன் திணிவு புரோத்தனின் ஏறக்குறைய 133 மடங்கு. தேடப்படும் ஹிக்ஸ் துணிக்கையை அது ஒத்திருக்கிறது. அதுவேதானா என்பது இனித்தான் தெரியும்.”

இதன் நீளம் ஏறக்குறைய 225 குறிகள். யார், எது, எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு உறுதியாக என்ற நான்கும் உள. குறிப்பில் இருந்த ஆறு எண்களுள் ஒன்றும் நேராக வரவில்லை, 125.3 மட்டும் 133 மடங்காக உருமாறி வந்தது. சிக்மா என்ற சொல் இதில் இடம்பெறவில்லை. அதற்கு ஒரு தனிப் பதிவு வேண்டும். இரண்டாம் குழுவும் பேசி முடித்தபின் அதனை இவ்வாறு எழுதலாம்:

“சேர்ணில் இன்று இரு குழுக்கள் சொன்ன ‘ஐந்து சிக்மா’ எனும் அளவின் பொருள்: புதிய துணிக்கை எதுவும் இல்லாவிடினும் இத்தகைய தடயம் தற்செயலாய்த் தோன்றலாம், ஆனால் 35 இலட்சத்தில் ஒரு முறைதான். ஒரு குழு 5.0, மற்றது 4.9 எட்டின.”

இப்பதிவு முதற் பதிவின் தொடர்ச்சியாயினும், அதனைச் சார்ந்து நிற்கவில்லை என்பது நோக்கத்தக்கது. ‘மேற்சொன்ன அறிவிப்பு’ என்றோ, ‘அவர்’ என்றோ தொடங்கவில்லை. குறும்பதிவுகள் வரிசையாக எழுதப்பட்டாலும் வரிசையாகப் படிக்கப்படுவதில்லை. ஒருவர் ஒன்றை மட்டும் எடுத்துத் தம் நண்பர்க்கு அனுப்புவார். அவர் முன்னதையும் பின்னதையும் காணார். பத்து மணிகளைக் கோத்த மாலை அறுந்து ஒரு மணி மட்டும் ஒருவர் கையிற் கிடைத்தாலும், அது மணியென்று தெரிதல் வேண்டும். இதைச் சோதிக்க, ஒவ்வொரு பதிவின் முதற்சொல்லையும் பார்த்தாற் போதும். ‘அது’, ‘அவர்’, ‘இதனால்’, ‘மேலும்’ என்பவற்றில் ஒன்று முதற்சொல்லாயின், பதிவு தன் காலில் நிற்கவில்லை என்பது பொருள்.

எதை அனுப்பாது விடுவது என்பதும் இப்பணியின் ஒரு கூறு. அன்று ஜியானொட்டியின் திரைப் படங்களில் இருந்த எழுத்துரு, சிறுவர் சித்திரக் கதைகளுக்குரிய வகை. இணையத்தில் அதைப் பற்றிய நகைப்புப் பெரிதாகப் பரவியது. மண்டபத்தில் இருந்தவர்க்கு அது ஒரு கணச் சிரிப்பு. வெளியே இருந்த சிலருக்கு அன்றைய சொற்பொழிவிற் கிடைத்ததே அவ்வளவுதான். எளிதிற் பரவும் என்பதற்காகவே ஒன்றை அனுப்பினால், பரவவேண்டியது பின்தங்கிவிடும். பதிவை அனுப்புமுன், நாளை இதைப் படிப்பவர் சொற்பொழிவின் பொருளைப் பற்றி ஒன்றையேனும் அறிவாரா என்று கேட்டுக்கொண்டால், இத்தகையன தாமே உதிரும்.

இவ்வளவு கவனித்தும் பிழை நேரும். நேர்ந்தவிடத்து, பிழையான பதிவை ஓசையின்றி அழித்துவிடுவது தீர்வாகாது. அதற்குள் அதைப் பிறர் எடுத்து அனுப்பியிருப்பர். மூலம் மறைந்தாலும் பிரதிகள் உலவும். புதிய பதிவொன்றில், முன்னர் எழுதியது யாது, சரியானது யாது என்ற இரண்டையும் ஒருங்கே சொல்லுதல் வேண்டும். ‘திருத்தம்: சேர்ணின் முதற் குழு ஐந்து சிக்மா எட்டியதாக முன்னர் எழுதப்பட்டது. அது இரு வழிகளை மட்டும் சேர்த்த அளவு; ஐந்து வழிகளையும் சேர்த்த முடிவு 4.9’ என்று எழுதலாம். இவ்வாறு எழுதினால், முன்னதைக் கண்டவரும் காணாதவரும் ஒருங்கே தெளிவர்.

இறுதியாக ஒரு சோதனை உண்டு. வானொலி நேயர்க்கு அது புதியதன்று. வானொலியிற் செய்தி கேட்பவருக்குத் திரை இல்லை, படம் இல்லை, பேச்சாளரின் முகமும் இல்லை. கேட்ட வாக்கியம் ஒன்றே அவர்க்கு உண்டு. அவ்வாக்கியம் விளங்காதாயின் திரும்பிப் பார்க்கவும் இயலாது. எழுதிய குறும்பதிவை மண்டபத்தில் இல்லாத ஒருவர்க்கு ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் விளங்கிக்கொண்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். ‘ஏதோ ஒரு புதிய துணிக்கையைக் கண்டிருக்கிறார்கள், தேடியதுபோல் இருக்கிறதாம், இன்னும் பார்க்க வேண்டுமாம்’ என்று அவர் சொன்னால், பதிவு சரியாய் அமைந்தது. ‘ஹிக்ஸ் என்பது உறுதியாகிவிட்டதாம்’ என்று சொன்னால், குறையுள்ளது அவர் செவியில் அன்று, எழுதிய வாக்கியத்தில்.